நூல் கணக்கும் உறுதிக் கணக்கும் பொருந்தினால் போதுமா?

வாசகர் கடிதம்

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மட்டக்குளிப் பக்கம் ஒரு ஒழுங்கையில் அப்பா வாங்கிய சின்னக் காணி என் பெயரில் இருக்கிறது. 1974ஆம் ஆண்டுப் பிளானின்படி 5.40 பேர்ச்சஸ். அதில் சிறிதாக ஒரு மாடி வீடு கட்ட ஆசை. செலவைக் குறைக்க நானும் பெறாமகனும் நைலோன் நூலில் அடிமட்டத்தை வைத்து அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மதில் ஓரமாக நாமே அளந்தோம். ஒழுங்கைப் பக்கம் 25 அடி, வலப்பக்கம் 62, பின்பக்கம் 23, இடப்பக்கம் 61. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் 5.42 பேர்ச்சஸ் வருகிறது. உறுதியோடு பொருந்துகிறது. மேசன் பாஸ், "டீச்சர், குறுக்கேயும் ஒரு நூல் பிடிச்சு வையுங்க" என்றார். முன் இட மூலையிலிருந்து பின் வல மூலைக்கு 73 அடி. மற்றக் குறுக்கில் பழைய குளியலறைச் சுவர் மறிக்கிறது. இந்த அளவை வைத்துப் பிளான் வரையலாமா? வலப்பக்கத்துக்காரர் எட்டு வருடத்துக்கு முன் கட்டிய மதில் எங்கள் பக்கம் தள்ளி இருப்பது போலத் தெரிகிறது. பத்து வருடமானால் அது அவருக்கே சொந்தம் என்கிறார்களே? 6 பேர்ச்சஸுக்குக் குறைந்த காணிக்கு அனுமதி கிடைக்காது என்பதும் உண்மையா?

உரிமம் பெற்ற நில அளவையாளரின் பதில்

டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மதில் இல்லை. 5.42 என்ற அந்த எண்தான். உறுதியோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதால்தான் உங்களுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பொருத்தம் தற்செயல். நீங்களே எழுதி அனுப்பியிருக்கும் அந்த 73 அடிதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. மேசன் பாஸ் சொன்னது மிகச் சரியான யோசனை. அந்த ஒரு நூல் இல்லாவிட்டால் உங்கள் காணியைப் பற்றி என்னால் ஒன்றுமே சொல்லியிருக்க முடியாது.

நான்கு பக்கம் மட்டும் போதாது

நான்கு பக்க நீளங்களும் தெரிந்துவிட்டால் பரப்பளவும் தெரிந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படித்தவர்களும் அப்படித்தான். ஒரு தீப்பெட்டியின் வெளி உறையை எடுத்து ஒரு மூலையை மெல்ல அழுத்திப் பாருங்கள். நான்கு பக்கமும் அதே நீளம்தான், ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். காணியும் அப்படித்தான். மூலைகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால், பக்க நீளங்கள் அந்தச் சாய்வைச் சொல்லாது. குறுக்கு அளவுதான் சொல்லும்.

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கும் முறை நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கிறது. அதன் குறை ஒரே பக்கமாகத்தான் சாயும். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் விடை சரியாக வரும். மற்ற எல்லாக் காணிகளுக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. கொழும்பில் பழைய ஒழுங்கைகளை ஒட்டிய காணிகள் பெரும்பாலும் வீதிக்கு நேராக இருப்பதில்லை. அதனால் அந்த முறையில் அளந்தவர்கள் எல்லாரும் தங்களுக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கிறது என்றே நினைக்கிறார்கள்.

உங்கள் குறுக்கு நூல் காணியை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது. முக்கோணத்துக்கு மூன்று பக்கம் தெரிந்தால் போதும், கோணம் எதுவும் வேண்டாம். பாடசாலையில் படித்த ஹெரோன் சூத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழிக்க வேண்டும். பாதியையும் கழித்து வந்த மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு.

வலப்பக்க முக்கோணத்தின் பக்கங்கள் 25, 62, 73. கூட்டினால் 160, பாதி 80. கழித்தால் 55, 18, 7. நான்கையும் பெருக்கினால் 5,54,400. வர்க்கமூலம் ஏறக்குறைய 745 சதுர அடி. இடப்பக்க முக்கோணத்தின் பக்கங்கள் 73, 23, 61. பாதி 78.5. கழித்தால் 5.5, 55.5, 17.5. அதே முறையில் ஏறக்குறைய 647 சதுர அடி வருகிறது. இரண்டையும் சேர்த்தால் 1,392 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. ஆகவே உங்கள் நூல் உண்மையில் சொல்வது 5.11 பேர்ச்சஸ், 5.42 இல்லை.

நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நாளைக்கே நீங்கள் பார்க்கலாம். முன் இட மூலையில் ஒரு முளை அடியுங்கள். ஒழுங்கைப் பக்கமாக 6 அடியில் ஒரு அடையாளம், இடப் பக்கமாக 8 அடியில் ஒரு அடையாளம். மூலை நேராக இருந்தால் இரண்டு அடையாளத்துக்கும் இடையில் சரியாக 10 அடி இருக்க வேண்டும். அத்திவாரம் குறிக்கும்போது பாஸ்மார் மூலைமட்டம் பார்ப்பது இந்தக் கணக்கில்தான். உங்கள் அளவுகள் சரியென்றால், அந்த மூலையில் 8 அடி 4 அங்குலம் அளவில்தான் வரும். அப்படி வந்தால் காணி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. நான்கு பக்கமும் ஒரு குறுக்கும் தெரிந்தால், மற்றக் குறுக்கு எவ்வளவு என்பது கணக்கிலேயே கிடைத்துவிடும். உங்கள் காணியில் அது 58 அடிக்கு மேல் இரண்டு அங்குலம் போல வர வேண்டும். பழைய குளியலறைச் சுவரை எப்படியும் உடைக்கத்தான் போகிறீர்கள். உடைத்த பிறகு அந்தக் குறுக்கையும் அளந்து பாருங்கள். ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஐந்து அளவில் ஏதோ ஒன்று பிழை என்று அர்த்தம்.

அப்படியானால் 78 சதுர அடி எங்கே போனது?

5.40 பேர்ச்சஸ் என்றால் 1,470 சதுர அடி. நூல் சொல்வது 1,392. இடையில் 78 சதுர அடி குறைகிறது. இதைப் படித்ததும் உங்கள் மனம் நேரே வலப்பக்க மதிலுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள், டீச்சர். அந்த மதிலைக் குற்றம் சொல்வதற்கு முன் வேறு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் நூல். நைலோன் நூல் இழுத்தால் நீளும். தளர்ந்த நூலில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பிறகு காணியில் இறுக்கிப் பிடித்தால், முடிச்சுக்கு முடிச்சு ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலாகிவிடும். அதனால் 62 அடி என்று நீங்கள் எண்ணிய இடத்தில் உண்மையில் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அடிமட்டத்தை அறுபதுக்கு மேற்பட்ட தடவை தூக்கி வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அரைக்கால் அங்குலம் ஒரே பக்கமாகப் பிசகினாலும், கடைசியில் எட்டு அங்குலத்துக்குக் கிட்ட வந்துவிடும். நீளம் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் பரப்பளவு நூற்றுக்கு இரண்டு பிழைக்கும். உங்கள் காணியில் அது ஏறக்குறைய 28 சதுர அடி.

அடுத்தது இடப்பக்க மதில். மதில் ஓரமாக அளந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது மதிலின் உள்முகத்திலிருந்து. இரு வீட்டாருக்கும் பொதுவான பழைய ஒன்பது அங்குல மதிலாக இருந்தால், எல்லை பெரும்பாலும் அதன் நடுவில் போகும். நாலரை அங்குலம் வீதம் 61 அடிக்குக் கணக்குப் பார்த்தால் 23 சதுர அடி. அது தொலைந்துபோகவில்லை, மதிலுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது ஒழுங்கை. 1974இல் கைவண்டி போகும் அளவுக்கு இருந்த பாதையில் இன்று முச்சக்கர வண்டியும் தண்ணீர் பவுசரும் போகின்றன. இடையில் எப்போதோ ஒவ்வொரு வளவிலிருந்தும் ஒரு அடி, இரண்டு அடி பாதைக்கு விட்டிருப்பார்கள். பல இடங்களில் எழுத்தில் எதுவும் இருக்காது. உங்கள் காணியில் முன்பக்கம் மூன்றடி போயிருந்தால் அது மட்டுமே 75 சதுர அடி. ஒழுங்கையில் நின்று பக்கத்து வீடுகளின் பழைய கேற் தூண்களும் மதில்களும் எந்த வரியில் நிற்கின்றன என்று பாருங்கள். வடிகானுக்குள்ளோ தார் ஓரத்திலோ பழைய எல்லைக்கல் தலை தெரிந்தால், அதை அசைக்காமல் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இவை எல்லாம் கழித்த பிறகுதான் வலப்பக்க மதில். அந்த மதில் முழு நீளத்துக்கும் அரையடி உள்ளே வந்திருந்தால் 31 சதுர அடி. 78 சதுர அடி முழுவதையும் அந்த மதில் தின்றிருக்க வேண்டும் என்றால் முழு நீளத்துக்கும் ஒன்றேகால் அடி உள்ளே நிற்க வேண்டும். அல்லது முன்பக்கம் சரியாக ஆரம்பித்துப் பின்பக்கம் இரண்டரை அடி உள்ளே வந்திருக்க வேண்டும். இரண்டரை அடி என்றால் கண்ணுக்கே தெரியும். அரையடி தெரியாது. பரப்பளவு குறைகிறது என்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கம் குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பழைய பிளானில் உள்ள கோடுகளை இன்றைய தரையின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். சேர்வேயர் தேவைப்படுவது அதற்குத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பிளானின் போட்டோ பிரதியை வைத்து அடிமட்டத்தால் அளந்து பார்க்க வேண்டாம். பிரதி எடுக்கும்போது அளவு சுருங்கும், அல்லது விரியும். சில வேளை ஒரு பக்கமாக இழுபட்டும் இருக்கும். பழைய பிளான்கள் பலவற்றில் பக்க நீளம் எழுதியிருக்காது, அளவுத் திட்டம் மட்டும்தான் இருக்கும். பிரதியில் ஒரு மயிரிழை பிசகினால் தரையில் அது ஒரு அடியாகிவிடும். அப்படி அளந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பத்து வருடக் கதை

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி சரி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அந்தப் பத்து வருடம் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் மதில் நின்றாலே நிலம் கைமாறிவிடும் என்று அது சொல்லவில்லை. தடையும் இடையீடும் இல்லாமல், உரிமையாளரின் உரிமைக்கு எதிராகவே, அந்தத் துண்டைத் தன்னுடையதாக வைத்திருந்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தின் சம்மதத்தோடு வைத்திருந்தால் அது எதிரான ஆட்சி ஆகாது. கடைசியில் அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம்.

அதே நேரம், எட்டு வருடம் என்பது அலட்சியமாக இருக்கக்கூடிய காலமும் இல்லை. சிலர் ஒரு பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, காலம் நின்றுவிட்டது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் மட்டும் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். மதில் உள்ளே வந்திருப்பது சேர்வேயில் உறுதியானால், மீதியுள்ள இரண்டு வருடத்துக்குள் என்ன செய்வது என்பதைக் காணி வழக்குப் பழக்கமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு முடிவெடுங்கள். மதில் எந்த மாதம் கட்டப்பட்டது, அப்போது உங்கள் வீட்டில் யாராவது சம்மதித்தார்களா, யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மதிலைத் தொடாதீர்கள். பாஸிடம் சொல்லி ஒரு வரிசைக் கல்லைக்கூட எடுக்க வேண்டாம். எல்லை எதுவென்று தெரிவதற்கு முன் உடைத்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் முறைப்பாடு உங்கள் மேல்தான் வரும். சேர்வேக்கு நாள் குறித்ததும் பக்கத்து வீட்டாருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள்: "எங்கட காணியை அளக்க வாறாங்க, நீங்களும் நிண்டு பாருங்கோ." அவர்களிடம் பழைய பிளான் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே பெரிய காணியைப் பிரித்து விற்ற துண்டுகளாக இருந்தால் இரண்டு பேரின் பிளானும் ஒரே மூலப் பிளானிலிருந்து வந்திருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் அரைவாசிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வந்திருப்பது ஆறு அங்குலம்தான் என்று தெரிந்தால் என்ன செய்வது? அது உங்கள் முடிவு. என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஆறு அங்குலத்துக்காக ஐந்தாறு வருடம் மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைவதைவிட, இன்று நிற்கும் மதிலையே எல்லையாக இருவரும் ஒப்புக்கொண்டு, புதிய பிளானில் அதைக் காட்டி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதி முடிப்பது நல்லது. நேரில் பேசி முடியாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். ஆனால் இரண்டடி போயிருந்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் காணியின் அகலத்துக்கு இரண்டடி என்பது ஒரு அறையின் உபயோகத்தையே மாற்றிவிடும்.

6 பேர்ச்சஸ் பயம்

6 பேர்ச்சஸ், அதாவது 150 சதுர மீட்டர் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதியில் குடியிருப்புக் காணித் துண்டொன்றுக்குப் போட்டிருக்கும் குறைந்த அளவு. புதிதாகக் காணியைப் பிரிக்கும்போது அது கண்டிப்பாக வரும். உங்கள் துண்டு பிரிக்கப்பட்டது 1974இல். அந்த அதிகார சபையின் சட்டமே 1978இல்தான் வந்தது. இப்படி முன்பே இருந்த சிறிய துண்டுகளை மாநகர சபை தனியாகப் பரிசீலிக்கும். ஆகவே பழைய பிளானும் உறுதியும்தான் உங்களுக்குப் பலம். அவற்றை லேமினேட் செய்ய வேண்டாம். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டும் வர வேண்டாம்.

இனி வீட்டைப் பற்றி

நீங்கள் அனுப்பிய அளவில் வீட்டைப் பாதிக்கும் விஷயம் பரப்பளவுகூட இல்லை, அகலம்தான். பின்பக்கம் 23 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாய்வாகப் போகும் 23 அடி. இடப்பக்க எல்லைக்குச் செங்குத்தாக அளந்தால் அங்கே கிடைப்பது 21 அடிதான். முன்பக்க 25 அடியும் அப்படியே 24க்குச் சற்றுக் குறைவாகிவிடும். 23 அடி அகலம் என்று நம்பி நேர்மூலையுள்ள வீடொன்றை வரைந்தால், தாளில் அழகாக இருக்கும். பாஸ் அத்திவாரத்துக்கு நூல் கட்டும் அன்றுதான் பின் மூலை மதிலுக்குள் போவது தெரியவரும். அப்போது அறையை இரண்டடி வெட்டுவார்கள், படிக்கட்டு ஒடுங்கும், கழிவறைக் கதவு திறக்க இடம் இருக்காது.

வீட்டுச் சுவரை எல்லையோடு ஒட்டிக் கட்டலாம் என்று நினைத்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். அத்திவாரம் சுவரைவிட அகலம். சுவர் எல்லையில் நின்றால் அத்திவாரத்தின் ஒரு பகுதி பக்கத்துக் காணிக்குள் போகும். அதனால் சுவரைக் கொஞ்சம் உள்ளே எடுக்க வேண்டும், அல்லது ஒரு பக்கமாக அமையும் அத்திவாரத்தைப் பொறியியலாளர் வரைந்து தர வேண்டும். எல்லையோடு ஒட்டிய சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. கூரைத் தண்ணீரும் அந்தப் பக்கம் விழக் கூடாது. இரு பக்கமும் அடைத்த வீட்டுக்கு வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டும்தான் வரும். அறுபதடி நீளக் காணியில் அது நடுவீடு வரை எட்டாது. நடுவில் திறந்த முற்றம் ஒன்றை ஆரம்பத்திலேயே வரையச் சொல்லுங்கள்.

பின்பக்கம் திறந்த இடம் விட வேண்டும். உங்களுடையது போன்ற உயரம் குறைந்த இரண்டு தட்டு வீட்டுக்கு வழக்கமாகக் கேட்பது 2.3 மீட்டர், நம் பேச்சில் ஏழரை அடி. காணியில் கட்டடம் மூடக்கூடிய அளவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 1,392 சதுர அடியில் அது 900 சதுர அடிக்குச் சற்று மேல், ஒரு தட்டுக்கு. 5.42 பேர்ச்சஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஏறக்குறைய 55 சதுர அடி அதிகமாக வரைந்திருப்பீர்கள். அது ஒரு சமையலறை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் முன்பக்கத்திலிருந்து வரலாம். ஒழுங்கைக்கு மாநகர சபை எதிர்காலத்துக்கு ஒரு வீதிக்கோடு போட்டு வைத்திருக்கும். இன்று பத்தடி இருக்கும் ஒழுங்கைக்கு இருபதடி என்று கோடு இருந்தால், நடுவிலிருந்து இரு பக்கமும் பத்தடி. உங்கள் காணியின் முன் ஐந்தடியில் நிரந்தரக் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காது. காணி உங்களுடையதுதான், ஆனால் வீடு அங்கே வர முடியாது. அதனால் பிளான் வரைபவருக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன், வீதிக்கோடு மற்றும் கட்டட எல்லைச் சான்றிதழை மாநகர சபையில் எடுத்துவிடுங்கள். ஒழுங்கை எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. எதிர் மதில் வரை அதையும் அளந்து வையுங்கள்.

எந்த வரிசையில் போவது

முதலில் சேர்வே. பழைய பிளானைத் தரையோடு பொருத்திக் காட்டி, இன்று நிற்கும் மதில்களையும் கீறி, எல்லைக்கல் நட்டுத் தர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்காவிட்டால், சிலர் இன்று மதிலுக்குள் இருப்பதை மட்டும் அளந்து ஒரு புதிய பிளான் தந்துவிடுவார்கள். அது உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. அதைவிட மோசம், குறைந்த அளவை நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அப்புறம் வீதிக்கோட்டுச் சான்றிதழ். அதற்குப் பிறகு பிளான், மாநகர சபை அனுமதி. அனுமதி கைக்கு வரும் வரை அத்திவாரம் வெட்ட வேண்டாம். பாஸுக்கு வேலை இல்லாத மாதம் என்று அவசரப்படுத்தினாலும் வேண்டாம்.

நூலைத் தூக்கி எறிய வேண்டாம், டீச்சர். சேர்வே முடிந்து பிளான் கைக்கு வந்ததும் அதே நூலால் வீட்டைத் தரையில் விரித்துப் பாருங்கள். இந்த முறை முடிச்சுப் போடாதீர்கள். ஐம்பது அல்லது நூறடி இரும்பு டேப் ஒன்றை இரவல் வாங்கி, மூலைகளில் முளை அடித்து, முளையில் ஆணி வைத்து, நூலைத் தரைக்கு மட்டமாகத் தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள். அளவை டேப் சொல்லட்டும், நூல் கோட்டை மட்டும் காட்டட்டும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு குறுக்கும் சமமா என்று பாருங்கள். சமமாக இருந்தால் அறை நேர்மூலை. உங்கள் கட்டிலும் அலுமாரியும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தரையில் குச்சியால் கீறிப் பார்த்து, படிக்கட்டுக்கு மூன்றடி மிஞ்சுகிறதா என்று நடந்து பாருங்கள். மிஞ்சாவிட்டால், அத்திவாரம் வெட்டும் முன்பே பிளான்காரரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.

சேர்வேயரைப் பார்க்கப் போகும்போது உறுதி, 1974 பிளானின் மூலப் பிரதி, மதிப்பீட்டு வரி கட்டிய பற்றுச்சீட்டு, நீங்கள் எழுதிய இந்த ஐந்து அளவு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். உறுதியின் அட்டவணையில் நான்கு எல்லையிலும் யார் யார் காணி என்று எழுதியிருக்கும். முன் எல்லைக்கு ஒழுங்கை என்று இருக்கிறதா, எத்தனை அடி ஒழுங்கை என்று இருக்கிறதா என்று வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1974இல் எழுதிய அந்த அகலமும் இன்று நீங்கள் அளக்கும் அகலமும் வேறாக இருந்தால், 78 சதுர அடியில் எவ்வளவு பாதைக்குப் போயிருக்கிறது என்பது அங்கேயே தெரிய ஆரம்பிக்கும்.